நெடுந்தீவுப் பற்றரியும் இரு கரைத் தமிழும்

ஊர்காவற்றுறை வரை தேசிய மின்கம்பி வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பிப் பழகிய தீவுகள். இந்த மூன்றுக்குமாக இந்திய நன்கொடையில் ஒரு கலப்பு மின்திட்டம் அமைக்க 2022 மார்ச்சில் உடன்பாடு கண்டார்கள். 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தமும் ஆயிற்று. சூரியத் தகடுகள் 1,700 கிலோவாற்று, காற்றாலை 530 கிலோவாற்று, காத்திருப்பு டீசல் 2,500 கிலோவாற்று. பற்றரி மட்டும் 2,400 கிலோவாற்று மணி. அறிவித்த ஆங்கிலச் செய்திகளோ நான்கையும் ‘பவர்’ என்றே சொல்லிவிட்டன.

அதை அப்படியே தமிழாக்கி, அந்த ‘மணி’யையும் தவறவிட்டால் என்ன ஆகும்? பற்றரியும் டீசலும் ஏறக்குறையச் சமம் என்று வாசிப்பவர் நினைப்பார். சமமுமல்ல, ஒப்பிடக்கூடிய பொருளுமல்ல. 2,400 என்பது பற்றரியின் கொள்ளளவு; ஒரு நொடியில் எவ்வளவு தரும் என்பதை அது சொல்வதில்லை. இரவில் மூன்று தீவுகளும் சேர்ந்து 400 கிலோவாற்று இழுப்பதாக வைத்துக்கொண்டால், முழுதும் நிறைந்த பற்றரி ஆறு மணிநேரம் தாங்கும். 400 வோல்ற்று மும்முனை மின்சாரத்தில் 400 கிலோவாற்றுக்கு ஏறத்தாழ 580 அம்பியர் ஓடும். 2,400 கிலோவாற்றானால் ஏறத்தாழ 3,460 அம்பியர். கம்பியின் தடிப்பையும் சுற்றுடைப்பியின் அளவையும் தீர்மானிப்பது இந்த எண்தான்.

இலங்கைப் பாடநூலில் சேமித்திருப்பது சக்தி, அதைத் தரும் வீதம் வலு. தமிழ்நாட்டில் முதலாவது ஆற்றல், இரண்டாவது திறன். வேலை மட்டும் இரு கரையிலும் வேலைதான். இவ்வளவோடு நின்றால் ஒரு அகராதி போதும். சிக்கல் ‘திறன்’ என்ற சொல்லில். எங்கள் பௌதிகவியலில் எளிய பொறிகள் பாடத்தில் திறன் என்பது, கொடுத்த சக்தியில் எத்தனை சதவீதம் பயனுள்ள வேலையானது என்ற கணக்கு. அதைத் தமிழ்நாட்டு இயற்பியல் பயனுறுதிறன் என்கிறது.

நெடுந்தீவுக் கிணறொன்றிலிருந்து 1,000 லீற்றர் நீரைப் பத்து மீற்றர் மேலே உள்ள தொட்டிக்கு ஏற்றுவோம். செய்யவேண்டிய வேலை 98,000 யூல். 200 செக்கனில் ஏற்றினால் நீருக்குப் போகும் வலு 490 வாற்று. 100 செக்கனில் ஏற்றினால் 980 வாற்று. வேலை மாறவில்லை. பம்பியின் திறன் 50 சதவீதமானால் உள்ளே செல்லவேண்டிய சக்தி 196,000 யூல். எவ்வளவு வேகமாக ஏற்றினாலும் அந்தத் திறனில் அதுதான் கணக்கு. இப்போது ஒரு கையேட்டில் ‘டீசலை மிச்சம் பிடிக்கப் பம்பியின் திறனைக் கூட்டுங்கள்’ என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் படித்தவர் தேய்ந்த சுழலியை மாற்றுவார், குழாய் ஒழுக்கை அடைப்பார். மதுரையில் படித்தவருக்கு அதே வரி ‘பெரிய மோட்டார் போடுங்கள்’ என்று கேட்கும். தண்ணீர் விரைவாக ஏறும், டீசல் மிச்சமாகாது. வாக்கியத்தில் இலக்கணப் பிழையோ எழுத்துப் பிழையோ இல்லாததால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் இது படாது.

எந்தச் சொல்லும் சுத்தமாகப் பிறக்கவில்லை. நயினாதீவில் சக்தி என்றால் முதலில் நாகபூசணி அம்மன். யாழ்ப்பாணப் பேச்சில் ‘வலு கெட்டிக்காரன்’ என்றால் மிகவும் கெட்டிக்காரன். ஆனாலும் வலு, சக்தி, திறன் என்ற மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்பதால் இவ்விடயத்தில் இலங்கைப் பங்கீடே மேல் என்பது என் கட்சி. ஆற்றல், திறன் இரண்டும் பேச்சுத்தமிழில் ஏறக்குறைய ஒரே பொருள். மாணவன் மனப்பாடத்தால்தான் பிரித்து வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்துக் குற்றம் வேறு. அமைச்சும் பத்திரிகையும் ‘வலுசக்தி’ என்று இரண்டையும் ஒட்டிவைத்து, பாடநூல் பிரித்ததைக் கலந்துவிட்டன.

இன்னொரு கண்ணியும் உண்டு. நிலையாற்றலை நாங்கள் அழுத்தசக்தி என்போம். தமிழ்நாட்டில் அழுத்தம் என்பது எங்கள் அமுக்கம். அங்குள்ள வாசகர் உயரத்திலுள்ள தொட்டி நீரின் அழுத்தசக்தியைக் குழாய்க்குள் தேடுவார்.

தமிழ்நாட்டுக் கையேட்டை இங்கே கொண்டுவருபவர் கணினியில் ‘திறன்’ எல்லாவற்றையும் ‘வலு’ ஆக்கினால், பயனுறுதிறன் ‘பயனுறுவலு’ ஆகிவிடும். பயனுறுதிறனை முதலில் திறனாக்கிவிட்டு அடுத்ததாகத் திறனை வலுவாக்கினாலோ, இரண்டும் வலுவாகும். எனவே முதலில் பயனுறுதிறனுக்கு வேறெங்கும் வராத ஒரு குறியை இட்டு, அடுத்துத் திறனை வலுவாக்கி, கடைசியில் அந்தக் குறியைத் திறனாக்க வேண்டும். குதிரைத்திறன் பரிவலு ஆகவேண்டியதால் அதைக் கையால் பார்த்துத் திருத்துவதே நல்லது. பிறகு ஆற்றலையும் சக்தியாக்கிவிட்டு அலகுகளை ஓட்டிப் பார்க்கலாம்: வாற்று வரும் இடத்தில் வலு, சதவீதம் வரும் இடத்தில் திறன், கிலோவாற்று மணி வரும் இடத்தில் சக்தி. யூல் மட்டும் வேலைக்கும் சக்திக்கும் பொது. அங்கே அலகு காப்பாற்றாது, வாக்கியத்தை வாசித்துத்தான் ஆகவேண்டும்.