சரளமான தமிழில் தொலைந்த மறுப்பு

அம்பாறை மாவட்டச் செயலகமும் கொழும்புத் திணைக்களங்களும் விடுக்கும் அறிவித்தல்களில் பல முதலில் சிங்களத்தில்தான் வெளிவருகின்றன. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் தமிழ்ப் பிரதி பிந்தி வருவதும், சில வேளை வராமலே போவதும் அட்டாளைச்சேனைக்குப் பழகிப்போன சங்கதி. அந்த இடைவெளியை இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு நிரப்புகிறது. உள்ளூர்ச் செய்தியாளர் சிங்களப் பத்தியைக் கைபேசியில் இடுகிறார், ஒரு நொடியில் தமிழ் வருகிறது. பொறுப்புள்ளவர்கள் அதை வெளியிடுமுன் மூன்று விடயங்களைப் பார்க்கிறார்கள்: மறுப்புச் சொல் விழுந்துவிட்டதா, காலம் மாறிவிட்டதா, எண் சிதைந்துவிட்டதா. இந்தப் பழக்கம் நல்லது, தொடர வேண்டியது. ஆனால் மூன்றையும் ஒரே திறமையுள்ள ஒருவர் ஒரே விதமாகப் பார்த்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் தவறு. அந்த எண்ணமே பல பிழைகளை ஊருக்குள் விடுகிறது.

ஏன் இந்த மூன்றும்? இன்றைய மொழிபெயர்ப்பு இயந்திரம் மூலத்தைப் பார்த்துக்கொண்டே, அடுத்து வரக்கூடிய துண்டு எது என்று ஊகித்து வாக்கியத்தைக் கட்டுகிறது. மூலத்திலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பழைய இயந்திரங்கள் உடைந்த தமிழைத் தந்தன. வாசித்தவுடன் சந்தேகம் வந்தது. புதியவை ஒழுங்கான தமிழைத் தருகின்றன, தவறும் அந்த ஒழுங்குக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. மொழிபெயர்ப்பின் தரத்தை அளக்க 2002 முதல் பரவலாகப் பயன்படும் ‘ப்ளூ’ என்ற மதிப்பெண்ணும், சரியான பிரதியோடு எத்தனை சொற்றொடர்கள் ஒத்துப்போகின்றன என்பதைத்தான் எண்ணுகிறது. இருபது சொல் வாக்கியத்தில் ஒரு மறுப்பு விழுந்தால் மதிப்பெண் கொஞ்சம்தான் குறையும், பொருளோ தலைகீழாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்த பத்தி இது. ஆனால் சிறுபோகத் தொடக்கத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்ததும் வரும் அறிவித்தல்கள் இந்தப் பாணியில்தான் இருக்கும். இயந்திரம் தந்த தமிழ் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

“சிறுபோக நெற்செய்கைக்காக ஏப்ரல் 8 ஆம் திகதி நீர் திறந்து விடப்படுகிறது. மூன்று மாத நெல்லினங்களை மட்டும் விதைக்க அனுமதி உண்டு. மே 5 ஆம் திகதிக்குப் பின்னர் விதைக்கப்படும் வயல்களுக்கு நீர் வழங்கப்படும். உரமானியம் ஹெக்டயருக்கு 25,000 ரூபாவால் உயர்த்தப்பட்டுள்ளது.”

தமிழை மட்டும் வாசித்தால் இதில் கண் இடறும் இடம் ஒன்றும் இல்லை. நான்கு வாக்கியங்களிலும் பிழை உண்டு.

மூன்றாவது வாக்கியம்தான் மிக ஆபத்தானது. சிங்கள மூலத்தில் வினைக்கு முன் ‘நொ’ என்ற ஓரசை நிற்கிறது: தாமதமாக விதைத்த வயலுக்கு நீர் வழங்கப்பட மாட்டாது. அந்த ஓரசையை இயந்திரம் விட்டுவிட்டது. தமிழில் மறுப்பு பெரும்பாலும் வினையின் முடிவிலேயே கரைந்திருக்கும்: வழங்கப்படும், வழங்கப்படாது, விதைத்த, விதைக்காத, வேண்டும், வேண்டாம். அதனால் மறுப்பு போனாலும் வாக்கியத்தில் வடு இருக்காது. மிஞ்சியிருப்பதும் இலக்கணச் சுத்தமான தமிழ்தான். அதை நம்பி மே 10 இல் விதைத்தவருக்குக் கதிர் பறியும் நேரத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கும்.

இரண்டாவது வாக்கியத்தில் எண் சிதைந்திருக்கிறது, ஆனால் அங்கு இலக்கமே இல்லை. மூலத்தில் இருந்தது ‘துனஹமார’, அதாவது மூன்றரை. இயந்திரம் ‘துன’வை எடுத்துக்கொண்டு ‘ஹமார’வை விட்டுவிட்டது. மூன்று மாத நெல்லும் மூன்றரை மாத நெல்லும் விவசாயிக்கு வேறு வேறு. ஏடி 362 போன்ற மூன்றரை மாத இனத்துக்கு விதை நெல் வாங்கி வைத்தவர், தனக்கு அனுமதி இல்லை என்று நினைத்து வேறு விதைக்கு அலைவார். இலக்கங்களை மட்டும் ஒப்பிடுகிறவர் இந்த இடத்தைக் கடந்து போய்விடுவார்.

நான்காவது வாக்கியத்தில் இலக்கம் சரி, உருபு பிழை. 2024 இல் அரசாங்கம் நெல்லுக்கான உரமானியத்தை ஹெக்டயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தியது. ‘25,000 ரூபாவாக’ என்றால் அதுவே புதிய தொகை. ‘25,000 ரூபாவால்’ என்றால் பழைய 15,000 உடன் இன்னும் 25,000 சேர்ந்து 40,000. சிங்களத்தில் முன்னதற்கு ‘தக்வா’ வரும், பின்னதற்கு ‘கின்’ வரும். இந்த இடத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. நம் விவசாயிகள் ஏக்கரில் கணக்குப் பார்ப்பவர்கள், ஒரு ஹெக்டயர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ‘ஹெக்டயருக்கு’ என்பது ‘ஏக்கருக்கு’ என்று மாறினால், 25,000 என்ற இலக்கம் அப்படியே நிற்க, மானியம் இரண்டரை மடங்காகிவிடும்.

முதல் வாக்கியத்தின் பிழை காலத்தில். பேச்சுச் சிங்களத்தின் ‘யனவா’ போகிறேன் என்றும் ஆகும், போவேன் என்றும் ஆகும். அலுவலகச் சிங்களத்தின் ‘நிகுத் கரனு லெபே’யும் அப்படியே. எது என்பதைச் சூழல்தான் சொல்லும். தமிழோ ‘விடப்படுகிறது’, ‘விடப்படும்’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இயந்திரம் சூழலைப் பாராமல் ஒன்றைத் தேர்கிறது. அறிவித்தல் மார்ச் மாதக் கடைசியில் வந்திருந்தால் திகதி நம்மைக் காப்பாற்றும். திகதி இல்லாத வாக்கியத்தில், வாய்க்காலில் தண்ணீர் இன்று வருகிறதா, இனிமேல்தான் வருமா என்பது இந்த ஓர் எழுத்துக் கூட்டத்திலேயே தங்கியிருக்கும்.

இந்தப் பத்தி பழக்கத்தின் பலத்தைக் காட்டுகிறது. பார்வையை மூன்று இடங்களில் குவிப்பதால், நடை அழகாக இருக்கிறதா என்ற கேள்வியில் நேரம் போகாமல், வாசகருக்குக் கேடு செய்யும் பிழைகள் முதலில் பிடிபடுகின்றன. முழுப் பத்தியையும் திரும்ப மொழிபெயர்க்க நேரமில்லாத ஊர்ச் செய்தியாளருக்கு இது கைக்கு எட்டும் வேலை. ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதில் ஒழுங்கு வேண்டும். தமிழை முதலில் வாசித்தால் அதன் சரளம் மனத்தில் ஒரு பொருளை ஏற்றிவிடும், பிறகு மூலத்திலும் அந்தப் பொருளையே காண்போம். ஆகவே மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும். சிங்களப் பத்தியில் மறுப்புகள், கால வினைகள், இலக்கங்கள், எண்ணுப்பெயர்கள், அவற்றைத் தாங்கும் உருபுகள், அலகுகள் எல்லாவற்றையும் கோடிட்டு முடித்த பின்னரே தமிழைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் தமிழில் இணை உண்டா என்று தேட வேண்டும்.

பலவீனங்களும் இங்கிருந்தே தொடங்குகின்றன. மூன்று சோதனைகளுக்கும் தேவையான மொழியறிவு ஒன்றல்ல. இலக்கத்தைச் சிங்களம் தெரியாதவரும் ஒப்பிடலாம். ‘நொ’, ‘நெத’, ‘எபா’ போன்ற மறுப்புகளின் எழுத்து வடிவங்களைச் சில வாரங்களில் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம். காலத்தையும் உருபையும் சிங்களம் அறிந்தவர்தான் தீர்மானிக்க முடியும். மூன்றையும் ‘பார்த்தாயிற்று’ என்று ஒரே அடையாளம் இடும்போது, உண்மையில் இலக்கம் மட்டும் பார்க்கப்பட்டிருக்கலாம்.

மறுப்புகளை எண்ணி ஒப்பிடுவதும் முழுத் தீர்வல்ல. ஆங்கில அறிக்கையில் ‘5 ஆம் திகதிக்குப் பிந்தாமல்’ என்ற பொருளில் ஒரு மறுப்பு இருக்கும். தமிழில் ‘5 ஆம் திகதிக்கு முன்னர்’ என்று வந்தால் எண்ணிக்கை குறையும். அது மறுப்பை விட்ட பிழை அல்ல, ஆனாலும் 5 ஆம் திகதியை வெளியே தள்ளிவிட்ட பிழை. ‘5 ஆம் திகதி அல்லது அதற்கு முன்னர்’ என்பதே சரி. மறுபுறம், எண்ணிக்கை பொருந்தியும் பொருள் கெடலாம். ‘எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை’ என்றால் ஒன்றும் ஏற்கப்படவில்லையா, சில மட்டுமா? மறுப்பு இருக்கிறது, அது எதை மறுக்கிறது என்பது தெளிவில்லை.

சிங்களம் தெரியாதவர்கள் நம்பும் குறுக்குவழி, தமிழை மீண்டும் இயந்திரத்தில் இட்டுச் சிங்களமாக்கி ஒப்பிடுவது. விழுந்த மறுப்பை இது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். காலத்தில்தான் ஏமாற்றும். ‘விடப்படுகிறது’ என்று பிழையாக வந்த தமிழ், சிங்களத்துக்குத் திரும்பும்போது நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவான அதே வடிவத்தை அடைந்துவிடலாம். மூலமும் மீள்பிரதியும் அச்சொட்டாக ஒத்திருக்கும், நடுவிலுள்ள தமிழ் பிழையாகவே இருக்கும். பொருத்தம் கண்டு நிம்மதி அடைபவர் பிழையைத்தான் உறுதி செய்கிறார்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, மூன்றுக்கும் வெளியே நிற்கும் பிழை. 2025 ஜூலையில் நடிகை பி. சரோஜாதேவி காலமானபோது, கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அஞ்சலி செலுத்தியதைக் கூறும் கன்னடப் பதிவை மெட்டா நிறுவனத்தின் தானியங்கி மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் மாற்றியது. அதன்படி காலமானவர் முதலமைச்சர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த வாக்கியத்தில் மறுப்பு எதுவும் விழவில்லை, காலமும் இறந்தகாலமே. நம் மூன்று சோதனைகளையும் அது தாண்டி வந்திருக்கும். யார், யாருக்கு, எதைச் செய்தார் என்ற கேள்வி பட்டியலில் இல்லாததே காரணம். கைது, விபத்து, மரணம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய செய்திகளில் இந்த நான்காவது கேள்வியைச் சேர்க்காமல் மற்ற மூன்றையும் பார்ப்பதில் பயனில்லை.

எனவே என் முடிவு இது. இந்தப் பழக்கம் பிழைகளைக் கண்டுபிடிக்கும் முறை, மொழிபெயர்ப்பைச் சரியானதென்று சான்றளிக்கும் முறை அல்ல. ஒரு பத்தியில் ஒரு மறுப்பு விழுந்திருப்பதைக் கண்டால் அதைச் செருகிவிட்டு வெளியிடுவது போதாது. ஒன்றை விட்ட இயந்திரம் அதே பத்தியில் வேறொன்றையும் விட்டிருக்கக்கூடும். அந்தப் பத்தியைச் சிங்களம் அறிந்த ஒருவர் மூலத்திலிருந்து புதிதாக எழுத வேண்டும். அலுவலக அறிவித்தல்களில் சோதித்தவர் யார், எதைச் சோதித்தார் என்பதைத் தனித்தனியே குறிக்க வேண்டும்: இலக்கம் ஒருவர், மறுப்பு ஒருவர், காலமும் உருபும் சிங்களம் கற்ற ஒருவர். அப்படியொருவர் அன்று கிடைக்காவிட்டால், ஐயமுள்ள வாக்கியத்தை நிறுத்திவைத்து, கமநல சேவை நிலையத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ தொலைபேசியில் கேட்டு உறுதி செய்த பின் வெளியிடலாம். நீர், உரம், கடல் எச்சரிக்கை என்று மக்களின் காசும் உயிரும் தொங்கும் அறிவித்தலில், ஒரு மணி நேரம் பிந்திய சரியான தமிழால் வரும் நட்டத்தை விட உடனே வந்த பிழையான தமிழால் வரும் நட்டம் பெரிது.