பெட்டிக்குப் பின்னால் இரு கொம்புகள்

வெள்ளானூர் வீட்டில் என் கணினி மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி நிற்கிறது. அதன் வைஃபை கார்டின் இரண்டு ஆன்டெனாக்களும் பின்பக்கம், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தன. ரவுட்டர் இருப்பதோ முன்பக்கம், கூடத்தில். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். இரும்புத் தகட்டை அது ஊடுருவாது. சுவரில் பட்டுத் திரும்பிய மிச்சம்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது.

கட்டளைச் சாளரத்தில் பார்த்தேன்:

```
netsh wlan show interfaces
```

Signal 54%, Receive rate 195.

ஆன்டெனாக்களைத் திருகிக் கழற்றி, காந்த அடி கொண்ட நீட்டிப்பு வயரில் மாட்டி மேசைமேல் வைத்தேன். அதே அறை, அதே ரவுட்டர்: 82%, 650. அந்த எண்ணைப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை!

இந்த ஆன்டெனாக் குச்சியின் அழகே அதன் அலை பரவும் விதத்தில் இருக்கிறது. மெதுவடைபோலக் குச்சியைச் சுற்றிப் பரவும். நுனித் திசையில்தான் மிகக் குறைவு. அதனால் நுனியை ரவுட்டரை நோக்கி நீட்டுவது தவறு. ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கையாகவும் வைத்தால், எந்தச் சாய்வில் வரும் அலையும் ஏதோ ஒன்றில் சிக்கும்.

வயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். மெல்லிய வயர் நீள நீள, மீட்ட சிக்னலை அதுவே தின்றுவிடும். வைஃபை வேகம் கூடினாலும், இணையத் திட்டமே 100 எம்பிபிஎஸ் என்றால் பதிவிறக்கம் அதைத் தாண்டாது. ஆனால் வீட்டுக்குள் மடிக்கணினியிலிருந்து படங்களை நகலெடுக்கும்போது வித்தியாசம் உடனே தெரிகிறது.