ஒரு தொடரில் எத்தனை பிழை? தமிழ்த் தகுதித் தாளின் மொழிபெயர்ப்புப் பயிற்சியும் பிழைப்பட்டியலும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 2 முதன்மைத் தேர்வின் முதல் தாள் கட்டாயத் தமிழ்மொழித் தகுதித் தாளாகும். 2021 டிசம்பரில் வெளியான அரசாணையைத் தொடர்ந்து இவ்வமைப்பு நடைமுறைக்கு வந்தது. பத்தாம் வகுப்புத் தரத்தில், விரிந்துரைக்கும் முறையில் அமைந்த இத்தாளுக்கு 100 மதிப்பெண். 40 பெறாதவரின் அடுத்த தாள் கருதப்படுவதில்லை. இருவழி மொழிபெயர்ப்பும் தமிழ்மொழி அறிவும் இதன் பகுதிகளுள் அடங்கும். இவற்றுக்குப் பயில்வோரிடையே இரு கருவிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று முந்தைய வினாத்தாள். மற்றொன்று, திருத்திய விடைகளிலிருந்து தொகுத்த பிழைப்பட்டியல். பின்னது எதனைப் பிழையென எண்ணுகிறது, எதனை எண்ணாது விடுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வினாத்தாள் தருவதும் தராததும்

புதிய அமைப்பில் நடந்த முதல் தொகுதி 2 முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி 25 அன்றுதான் நடைபெற்றது. ஆகவே பயிற்சிக்குக் கிடைக்கும் உண்மையான பழைய தாள்கள் மிகச் சில. கொள்குறி வகைத் தேர்வுக்கு விடைக்குறிப்பு வெளியிடப்படுவது போல இத்தகைய தாளுக்கு மாதிரி விடையைப் பொருத்திப் பார்க்க இயலாது. மொழிபெயர்ப்புக்கு ஒரே சரியான விடை என்பதும் இல்லை. இந்நிலையில் பழைய தாள் காட்டுவது பத்தியின் நீளம், பொருட்களம், கால அளவு ஆகியவற்றையே. எழுதியது சரியா என்னும் தீர்ப்பு முழுவதும் பிழைப்பட்டியலின் மேல் விழுகிறது. அச்சுமையை அது தாங்குமா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

மரக்காணத்துத் தொடர் ஒன்று

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பள ஊர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் நீர் நிறைந்து உப்பு வாரும் வேலை நின்றுவிடும். வேலையற்ற அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருகிறது. இச்செய்தியை உரைக்கும் ஓர் ஆங்கிலத் தொடரைக் கொள்வோம். அது செயப்பாட்டு வினையில் அமைந்தது. தொழிலாளரைக் குறிக்கும் சொல்லின் முன் ‘ஈச்’ என்னும் அடையைக் கொண்டது. தேர்வர் ஒருவரின் தமிழாக்கம் பின்வருமாறு அமையக்கூடும்:

மழைக்காலங்களின் போது வேலை இழக்கும் ஒவ்வொரு உப்பள தொழிலாளர்களுக்கும் அரசால் 5,000 ரூபாய் வழங்கப்படுகின்றன.

வழக்கமான பட்டியலைக் கையில் வைத்துத் திருத்துபவர் இதில் நான்கு பிழை காண்பார். உயிரெழுத்தின் முன் ‘ஒவ்வோர்’ வரவேண்டும். ‘உப்பளத் தொழிலாளர்’ என ஒற்று மிகவேண்டும். ‘ஒவ்வொரு’ என்பதன் பின் பன்மை கூடாது. ‘5,000 ரூபாய்’ என்னும் தொகைக்கு ஒருமை வினையே உரியது. நான்கையும் தனித்தனியே திருத்தினால் கிடைப்பது:

மழைக்காலங்களின் போது வேலை இழக்கும் ஒவ்வோர் உப்பளத் தொழிலாளருக்கும் அரசால் 5,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

இலக்கணப் பிழை நீங்கிற்று. தமிழ்த் தொடராக இன்னும் அமையவில்லை. இனி, பிழைகளை விட்டுவிட்டு, அவை தோன்றிய இடத்தை நோக்குக. ஆங்கிலச் செயப்பாட்டு வினையைத் தேர்வர் அப்படியே ஏற்றதால் ‘ரூபாய்’ எழுவாயிடத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் அச்சொல் பன்மை வடிவில் நின்றதால் வினையும் பன்மை ஏற்றது. ‘அரசு வழங்குகிறது’ எனச் செய்வினையாக்கினால் ஒருமை, பன்மை மயக்கம் எழவே இடமில்லை. அவ்வாறே, ‘ஈச்’ என்னும் அடையைப் பெயருக்கு முன் வைத்தது ஒரு முடிவு. அதிலிருந்து பிறந்தவை இரு பிழைகள். ‘தொழிலாளர் ஒவ்வொருவருக்கும்’ எனப் பின்வைத்தால் இரண்டும் ஒருங்கே மறையும். ‘மழைக்காலங்களின் போது’ என்பதைப் பட்டியல் பிழையாகவே கருதாது. தமிழர் எவரும் அவ்வாறு பேசுவதில்லை, ‘மழைக்காலத்தில்’ என்பதே வழக்கு. ஆக,

மழைக்காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் அரசு 5,000 ரூபாய் வழங்குகிறது.

நான்கு பிழைகளுள் மூன்று, மூலத்தொடரின் அமைப்பைப் பெயர்த்ததன் விளைவு. புணர்ச்சி விதியை அறியாமையால் நேர்ந்தது ஒன்றே: மகர ஈறு கெட்டு வல்லினம் மிகுதல். ஆனால் பட்டியல் நான்கையும் இலக்கணக் கணக்கிலேயே எழுதும். அதை நம்பிய தேர்வர் அடுத்த வாரம் ஒருமை, பன்மைப் பயிற்சி செய்வார். இலக்கணப் பகுதியில் அதே வினாவுக்குச் சரியாக விடையளிப்பார். மொழிபெயர்ப்பில் மீண்டும் அதே இடத்தில் வழுவுவார். ஒரு பிழை தமிழிலேயே சிந்தித்து எழுதும் கடிதத்திலோ விரித்தெழுதும் பகுதியிலோ தோன்றாமல் மொழிபெயர்ப்பில் மட்டும் தோன்றினால், அதன் காரணம் இலக்கண அறியாமையன்று என்று துணியலாம். இவ்வொப்பீட்டுக்கு ஒரே தாளின் இரு பகுதிகள் போதும். தனித்தனி நாள்களில் தனித்தனிப் பகுதிகளை எழுதிப் பழகும் முறையில் இது புலப்படுவதில்லை.

பட்டியலுக்குள் முரண்

மற்றொரு குறை பட்டியலின் உள்ளேயே உள்ளது. ‘எழுவாய்த் தொடரில் வலி மிகாது’ என ஓரிடத்திலும், ‘வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலி மிகும்’ எனப் பிறிதோரிடத்திலும் கையேடுகள் குறிக்கின்றன. ‘உப்பு’ வன்றொடர்க் குற்றியலுகரம். அதனை எழுவாயாகக் கொண்டு மழையில் அது கரைந்ததைச் சொல்லுங்கால் ‘உப்பு கரைந்தது’ என்பதா, ‘உப்புக் கரைந்தது’ என்பதா? நன்னூலார் அல்வழியில் வலி மிகாமையை வன்றொடர் அல்லாத குற்றியலுகரங்களுக்கே உரைத்தார். அதனால் வன்றொடரின் முன் மிகுதலே அவர் நெறி. இன்றைய உரைநடையில் மிகாது எழுதுதல் பெருவழக்கு. இரண்டுக்கும் சான்றிருக்க, எந்த வடிவம் எழுதினும் பட்டியலின் ஏதேனும் ஒரு விதி அதனைப் பிழையாக்கும். இத்தகையவற்றைப் பிழைக்கணக்கிலிருந்து நீக்கி, ‘இருநெறி’ எனத் தனியே குறிப்பதே நேர்மை. ‘உப்புப் பாத்தி’ போன்ற தொகைகளில் ஐயமில்லை. ஆண்டு ஒற்றுவிடுதல் பிழையே.

எண்ணும் முறை

பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பதும் மயக்கம் தரும். ஒரு பத்தியில் ஒற்று மிகவேண்டிய இடம் இருபது இருக்க, ‘ஒவ்வொரு’ வரும் இடம் ஒன்றே இருக்கலாம். முதலாவதில் இரண்டும் பின்னதில் ஒன்றும் தவறினால், எண்ணிக்கை ஒற்றுப்பிழையையே பெரிதாகக் காட்டும். இருபதில் இரண்டு என்பது கவனக்குறைவாக இருக்கலாம். ஒன்றில் ஒன்று என்பதை அடுத்த தாளில் சோதித்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் நேரிட்ட இடங்களையும் தவறிய இடங்களையும் இணைத்தே எழுதுதல் வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே பத்தியைத் திருத்தத்தைப் பாராமல் மீண்டும் மொழிபெயர்க்கையில், நினைவில் நின்ற விடைத்தொடர் குறுக்கிடும். வேறு பத்தியில் அதே அமைப்பு வரும் தொடரைத் தேடி எழுதுவதே தக்கது. பழைய தாள்கள் சிலவே என்பதால், செய்தித்தாளின் ஆங்கிலப் பத்திகள் அங்கே உதவும்.

எதிர்த்திசையில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கையில், பட்டியலே தலைகீழாகும். ‘வாரிய உப்பைக் கரையில் குவிப்பர்’ என்னும் தொடரில் எழுவாய் வெளிப்படவில்லை. ஆங்கிலத்தில் அதனை வருவிக்க வேண்டும் அல்லது செயப்பாட்டு வினையை நாடவேண்டும். தமிழாக்கத்தில் விலக்கப்பட்ட அதே அமைப்பு இங்கே தேவையாகிறது. இரு திசைக்கும் ஒரே பட்டியலைப் பயன்படுத்தும் தேர்வர் செயப்பாட்டு வினையை இரண்டிலும் அடித்துவிடுகிறார்.

சொல் நிலையில் ஒரு குறிப்பு மட்டும். உப்பளத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் பின்பகுதியை அகராதியில் தேடினால் ‘சட்டி’ என்றே கிடைக்கும். ‘உப்புச் சட்டி’ என எழுதியவரின் விடையில் ஒற்று முறையாக மிகுந்திருக்கும். பிழைப்பட்டியல் அதனைக் கடந்து சென்றுவிடும். மரக்காணத்து மாணவர் அவ்வாறு எழுதமாட்டார். அவருக்கு ‘அளம்’, ‘பாத்தி’, ‘வாருதல்’ யாவும் வீட்டுச் சொற்கள்.