7 சதவீதமா, 14 சதவீதமா? கோவை நூற்பாலையும் இலங்கை ஆடை ஆலையும்

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்றால் ஷார்ட் சர்க்யூட் திறன் சுமார் 20,000 கேவிஏ. பவர் ஃபேக்டரைத் தூக்க அங்கே 400 கேவிஏஆர் கெபாசிட்டர் மாட்டுகிறார்கள். 20,000-ஐ 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 7.07 வரும். அதாவது இந்த டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் சேர்ந்து ஏழாம் ஹார்மோனிக்கில், 350 ஹெர்ட்ஸில், ஒத்ததிர்கின்றன. ரிங் ஃப்ரேம்களை ஓட்டும் டிரைவ்கள் உமிழ்வதும் ஐந்தாம், ஏழாம், பதினொன்றாம் ஹார்மோனிக்குகளைத்தான். சிறிதாகக் கிளம்பிய ஏழாம் ஹார்மோனிக் மின்னோட்டம் அங்கே பலமடங்காகிறது. ஃபியூஸ்கள் போகின்றன, கெபாசிட்டர் டப்பாக்கள் உப்புகின்றன.

கெபாசிட்டரைக் குறைத்துத் தப்பிக்கவும் முடியாது. சுமை இறங்கி, ரிலே படிகளைக் கழற்றி 165 கேவிஏஆரில் நிறுத்தினால் ஒத்ததிர்வு பதினொன்றாம் ஹார்மோனிக்குக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் தொடராக ஒரு ரியாக்டர் போடுகிறார்கள். 7 சதவீத ரியாக்டர் என்றால், 50 ஹெர்ட்ஸில் கெபாசிட்டரின் மறுப்பில் நூற்றில் ஏழு பங்கு அதற்கு இருக்கும். இந்த இணை 189 ஹெர்ட்ஸில் இசைந்து நிற்கும். அதற்கு மேல் தூண்டியாகவே நடந்துகொள்ளும். டிரைவ்களின் 250 ஹெர்ட்ஸும் 350 ஹெர்ட்ஸும் எத்தனை படிகள் உள்ளே இருந்தாலும் ஒத்ததிர்வைத் தொடாது. ஆனால் பழைய பேனலில் ரியாக்டர் இல்லாத ஒரு படியைச் சேர்த்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு அங்கேயே போயிற்று.

தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோரின் மாதச் சராசரி பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே இறங்கினால் கூடுதல் கட்டணம் விழும். மாதச் சராசரி என்பதால் இரவு ஷிப்டும் ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும். கெபாசிட்டர்கள் நாள் முழுக்கச் சூட்டில் வேலை செய்கின்றன. சூட்டில் அவற்றின் கொள்ளளவு தேயும். 40 சதவீதம் தேய்ந்துவிட்டால் 189 ஹெர்ட்ஸ் 244 ஹெர்ட்ஸாக ஏறி, ஐந்தாம் ஹார்மோனிக்கின் வாசலில் போய் நிற்கும். அந்தப் படியின் ரியாக்டர் இரைந்து, கொதித்து, தெர்மல் சுவிட்ச் விழும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு படியின் மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தையும் கிளாம்ப் மீட்டரில் எடுத்து எழுதிவைத்தால் முன்பே தெரிந்துவிடும். இதை எழுதிவைக்கும் ஆலைகள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

இலங்கையில் தொழிற்சாலைக்கான மொத்த மின்விநியோகத்தில் உச்சத் தேவைக்குக் கேவிஏ கணக்கில் மாதக் கட்டணம் உண்டு. நண்பகலில் ஆலை முழுதும் ஓடும்போது அந்தக் கேவிஏ-வைக் குறைப்பதுதான் அங்கே கெபாசிட்டருக்கான முக்கியக் காரணம். சுமையும் வேறு. கட்டுநாயக்கவிலோ பியகமவிலோ இருக்கும் ஆடை ஆலையில் வரிசை வரிசையாக ஒற்றை ஃபேஸ் சர்வோ மோட்டார் தையல் இயந்திரங்கள், எல்இடி விளக்குகள். இவற்றிலிருந்து எழுவது மூன்றாம் ஹார்மோனிக், 150 ஹெர்ட்ஸ். மூன்று ஃபேஸிலும் சமமாக இருக்கும் பங்கு நியூட்ரலில் போய்விடும். டெல்டாவில் இணைத்த கெபாசிட்டருக்குள் நுழையாது. தையல் வரிசைகள் ஃபேஸ்களில் சமமாகப் பிரிக்கப்படாதபோது எஞ்சும் பங்குதான் தொல்லை.

அதே டிரான்ஸ்ஃபார்மருக்கு அதே 7 சதவீதப் பேனலைப் போட்டால் மொத்த ஒத்ததிர்வு 167 ஹெர்ட்ஸில் விழும். 150-க்கு அது அருகில்தான், ஆனால் தாங்கிக்கொள்ளலாம். மின்சாரம் நின்று ஆலை ஜெனரேட்டருக்கு மாறும்போது நிலைமை மோசமாகிறது. 2022-இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு அது. 15 சதவீத உள்மறுப்புள்ள 500 கேவிஏ ஜெனரேட்டரில் 150 கேவிஏஆர் படிகள் உள்ளே இருந்தால் ஒத்ததிர்வு 147 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, மூன்றாம் ஹார்மோனிக்கையே பிடித்துவிடும். 14 சதவீத ரியாக்டராக இருந்தால் அது 116 ஹெர்ட்ஸில் நிற்கும். ஜெனரேட்டர் ஓடும்போது பேனலையே விலக்கும் இன்டர்லாக் இரு நாட்டிலும் நல்ல வழக்கம். ஆடை ஆலைக்கு 14 சதவீதம் அதற்கு மேலான காப்பு.

அந்தக் காப்புக்கு ஒரு விலை உண்டு. ரியாக்டர் கெபாசிட்டரின் மீது விழும் வோல்டேஜை உயர்த்துகிறது. தமிழ்நாட்டின் 415 வோல்ட், 6 சதவீதம் ஏறி 440 ஆனால், 7 சதவீத ரியாக்டருடன் கெபாசிட்டரில் 473 வோல்ட் நிற்கும்; ஹார்மோனிக் வோல்டேஜ் அதற்கு மேல். எனவே குறைந்தது 480 வோல்ட் கெபாசிட்டர் வேண்டும். இலங்கையின் 400 வோல்ட் 424 ஆக ஏறினால், 14 சதவீதத்தில் 493. அங்கே 525 வோல்ட் கெபாசிட்டர்தான் சரி. பழுதானபோது கடையில் கிடைத்த 440 வோல்ட் கெபாசிட்டரை மாட்டுவது இரு நாட்டிலும் நடக்கிறது. அது சீக்கிரம் உப்பிப்போகும்.

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் பேனல் செய்து அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: நூற்பாலைக்கு எழுதிய 7 சதவீத விவரத்தாளை அப்படியே ஆடை ஆலைக்கு அனுப்பாதீர்கள். முழுச் சுமையில், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே மூன்றாம் ஹார்மோனிக்கை அளந்து கேட்டு வாங்கிய பிறகு ரியாக்டரைத் தீர்மானியுங்கள்.