வரிப்பள்ளங்களும் எட்டுச் சக்கரங்களும்

ஒரு சூட்கேஸை முதலில் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நிறமும் பளபளப்பும் முன்பக்கத்தில் இருக்கின்றன. செய்தவர் எங்கே காசைச் சேமித்தார், எங்கே மனம் வைத்துச் செலவழித்தார் என்பது அடிப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் காட்டினாலே பல பெட்டிகளின் பிறப்பைச் சொல்லிவிடலாம்.

அண்மையில் ஒரு அக்கா தன் வீட்டுப் பரணிலிருந்து வெள்ளி நிறப் பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். அவருடைய கணவர் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். உடம்பெல்லாம் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள். பெயர்த்தகடு மட்டும் இல்லை, முன்பு வைத்திருந்தவர்கள் கழற்றியிருக்க வேண்டும். “தம்பி, இது அசல்தானா? டொரொன்டோவில் மகள் வீட்டுக்கு இதைக் கொண்டுபோகலாமா?” என்று கேட்டார். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக இரண்டு விமானம். பெட்டியை எத்தனையோ கைகள் தூக்கிப் போடும்.

கவிழ்த்தேன். நான்கு மூலையிலும் ஜோடி ஜோடியாக எட்டுச் சக்கரங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு சிறு குமிழில் தொங்கி, எந்தப் பக்கமும் திரும்பும். இரட்டைச் சக்கரத்தின் அழகு அதன் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. ஒற்றைச் சக்கரம் தரை இடுக்கில் மாட்டினால் மொத்த எடையும் ஓர் அச்சில் சாய்ந்து கழுத்தை முறிக்கப் பார்க்கும். ஜோடியில் ஒன்று பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது மேட்டில் நின்று தாங்கும். பெட்டி நின்ற இடத்திலேயே திரும்பும்போது ஜோடியில் ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக உருள்வதால், ரப்பர் தரையில் தேய்வதும் குறைகிறது.

ஒரு ஜோடியை விரலால் சுண்டிவிட்டேன். சத்தமில்லாமல் ஓடி, மெல்லத் தளர்ந்து நின்றது. உள்ளே பேரிங் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வெறும் பிளாஸ்டிக் துளையில் கம்பி செருகிய சக்கரம் கரகரவென்று இரண்டு சுற்றில் நின்றுவிடும். அடுத்து சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். தாள் கனத்துக்கு ஆட்டம் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் அச்சு தேய்ந்திருக்கிறது. மூன்றாவதாக, சக்கரக்கூட்டைப் பெட்டியோடு பிடித்திருப்பது ஸ்க்ரூவா ரிவெட்டா என்று பார்க்க வேண்டும். ஸ்க்ரூ என்றால் ஒரு திருப்புளியும் புதுச் சக்கரமும் போதும். ரிவெட் என்றால் துளையிட்டு எடுத்து, மறுபடி அடிக்க வேண்டும். அதற்குக் கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். முதலில் தேய்வது சக்கரம் என்று தெரிந்தும் அதை மாற்றவே முடியாதபடி அடைத்துவைக்கும் பெட்டிகளை என்னால் மதிக்க முடிவதில்லை.

சக்கர விஷயத்தில் நம் ஊருக்கென்று ஓர் ஆபத்து உண்டு. மெத்தென்ற சக்கர ஓரங்கள் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் சில வகைகளின் மூலக்கூறுகளைக் காற்றின் ஈரமே மெல்ல அறுக்கும். உருளாமல் பரணில் கிடந்தாலும் இது நடக்கும். கடலோர ஊர்களின் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். முதலில் பிசுபிசுப்பு வரும், பிறகு மயிரிழை விரிசல், கடைசியில் விமான நிலைய வாசலிலேயே துண்டு துண்டாக உதிரும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல ரப்பரில் நகத்தடம் விழுந்த உடனே மறையும். தடம் அப்படியே நின்றாலோ, நகத்தில் பசைபோல ஒட்டினாலோ, சக்கரத்தை மாற்றாமல் பயணம் கிளம்பக்கூடாது. அக்காவின் பெட்டியில் தடம் மறைந்தது.

பெட்டிக்குச் சக்கரம் வந்து வெகுகாலம் ஆகவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெர்னார்ட் சேடோ என்ற அமெரிக்கர் 1972-இல் காப்புரிமை பெற்ற சக்கரப் பெட்டியை வாரால் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. நிமிர்த்தி வைத்து, நீளும் கைப்பிடியைப் பிடித்து, இரண்டு சக்கரத்தில் சாய்த்து இழுக்கும் வகையை 1987-இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத், விமானி. அந்த இரண்டு சக்கர வகையை இன்றும் குறைவாக எடைபோடக் கூடாது. சக்கரங்கள் பெட்டியின் மூலைக்குள் பாதி புதைந்திருப்பதால் மேலிருந்து விழுந்தாலும் அடி அவற்றின் மேல் நேராகப் படாது. கல் பாவிய தெருவில் அதிக தூரம் இழுக்க வேண்டியிருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்கு எட்டுச் சக்கரம் சுகம்.

அடுத்தது கைப்பிடி. அக்காவின் பெட்டி தன் பெயரைச் சொன்னது இங்கேதான். பொத்தானை அழுத்தி மேலே இழுத்தேன். பாதியில் பொத்தானை விட்டேன், அங்கேயே நின்றது. இன்னும் இரண்டு விரற்கடை உயர்த்தி விட்டேன், அங்கேயும் நின்றது. வழக்கமான கைப்பிடிகளில் குழாயில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். உள்ளிருக்கும் முள் அந்தத் துளைகளில் மட்டுமே ‘டக்’கென்று விழும். குட்டையானவர் ஆனாலும் நெட்டையானவர் ஆனாலும் அந்த இரண்டு மூன்று உயரத்துக்குள் அடங்கிக்கொள்ள வேண்டும். இதில் அப்படிப் படி ஏதும் இல்லை, கை கேட்ட உயரத்தில் பிடித்துக்கொள்கிறது. ரிமோவாவின் அலுமினியப் பெட்டிகளில் நான் பெரிதும் ரசிப்பது இதைத்தான். வரிப்பள்ளத்தைப் பார்த்து யாரும் நகல் எடுத்துவிடலாம், எடுத்தும் இருக்கிறார்கள். வெள்ளிப் பூச்சுப் பிளாஸ்டிக்கில் அதே வரிகளோடு மலிவான பெட்டிகள் கடைகளில் தொங்குகின்றன. படியில்லாத கைப்பிடியைச் செய்யக் கூடுதல் உழைப்பும் செலவும் வேண்டும் என்பதால் நகலெடுப்பவர் பெரும்பாலும் அந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்.

கைப்பிடியை முழுதும் நீட்டி, இடமும் வலமும் முறுக்கிப் பார்த்தேன். சற்று நெகிழ்ந்தது. அது குறையாகாது. கொஞ்சமும் நெகிழாத குழாய்க்குள் தூசி புகுந்தாலே அடைத்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்குகின்றனவா என்பது. ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் தயங்கினால், நீட்டிய கைப்பிடியோடு பெட்டி எப்போதோ கீழே சாய்ந்து குழாய் வளைந்திருக்கிறது. கைப்பிடிகள் பெரும்பாலும் எடை தாங்காமல் கெடுவதில்லை, இப்படி நீட்டியபடியே சாய்ந்து விழுவதில்தான் கெடுகின்றன. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும்முன் கைப்பிடியை முழுதும் உள்ளே தள்ளிவிட்டால் அதன் ஆயுள் கூடும்.

இனி ஓடு. உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்றது. தட்டினால் தகட்டின் ஒலி. பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் இந்தக் குளிர்ச்சியைத் தராது. உள்ளே துணிவிரிப்பின் ஜிப்பைத் திறந்து பார்த்தால், கைப்பிடியும் மூலைகளும் ரிவெட்டால் இறுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. பெட்டியைச் சுற்றி ஜிப்பே கிடையாது. இரண்டு பாதியும் சட்டத்தோடு சட்டமாகப் பொருந்தி, இரண்டு தாழ்ப்பாளில் மூடுகின்றன. பேனா முனையால் ஜிப்பைப் பிளந்து, பிறகு தடயமில்லாமல் இழுத்து மூடும் திருட்டு இதில் நடக்காது.

அந்த வரிப்பள்ளங்களுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. கொலோன் நகரில் 1898-இல் தொடங்கிய ரிமோவா நிறுவனம் 1937-இல் அலுமினியத்துக்கு வந்தது. 1950-இல் தகட்டில் வரிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்மாதிரி யுங்கர்ஸ் விமானங்கள். 1919-இல் பறந்த யுங்கர்ஸ் எஃப் 13, முழுக்க உலோகத்தால் ஆன முதல் பயணிகள் விமானம். அதன் உடலும் இறக்கையும் நெளிதகட்டால் ஆனவை. காரணம் எளிது. தட்டையான தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும், ஆனால் எடையும் இரட்டிக்கும். அதே மெல்லிய தகட்டை நெளித்துவிட்டால் எடை ஏறக்குறைய அப்படியே இருக்க, நெளிவின் உயரம் தடிமனின் வேலையைச் செய்கிறது. ஆனால் இந்த வலிமை ஒரு திசைக்கு மட்டுமே. வரியின் போக்கில் வளைக்க முடியாத தகடு, குறுக்கே வளைத்தால் விசிறிபோல மடங்கும். அந்தக் குறுக்குத் திசையைத் தாங்கத்தான் வளைந்த விளிம்புகளும் சுற்றிவரும் சட்டமும். கைவிரலை வரிகளின் மேல் ஓட்டிக்கொண்டே விளிம்புக்கு வந்தால், தகடு தன் பலவீனத்தை எங்கே சட்டத்திடம் ஒப்படைக்கிறது என்று விரலுக்கே தெரியும். இப்படி ஓர் அலங்காரம் காரணத்தோடு நிற்கும்போது கண்ணுக்கு வரும் நிறைவே வேறு.

அலுமினியத்துக்கு வரம்பும் உண்டு. நசுங்கினால் நசுங்கியதுதான், தானாக எழாது. பாலிகார்பனேட் ஓடு அப்படியல்ல. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் மீளும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அதுபோல அழுத்தினால் வெளிறிய தழும்பு தெரியும், குளிர் நாட்டு ஓடுதளத்தில் விரிசலும் விடலாம். எடையிலும் அலுமினியம் பின்தங்குகிறது. பெரிய அளவுப் பெட்டி வெறுமையாகவே ஆறு கிலோவை ஒட்டி இருக்கும். 23 கிலோவுக்குள் பருப்புப்பொடியும் புடவையும் அடக்க வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. அப்படிப்பட்டவர்கள் பாலிப்ரொப்பிலீன் நாடாக்களை நெய்து, சூட்டில் அழுத்தி வார்த்த ஓட்டைப் பார்க்கலாம். சாம்சோனைட்டின் காஸ்மோலைட் அந்த வகை. உற்றுப் பார்த்தால் நெசவின் கட்டம் தெரியும்.

அக்காவின் பெட்டியில் சொட்டைகள் பல இருந்தன. அவை எதுவும் எனக்குக் கவலை தரவில்லை. சட்டப் பெட்டியின் உயிர் சட்டத்தில் இருக்கிறது. பெட்டியை வெறுமையாக மூடி, உள்ளே ஒரு கைவிளக்கை எரியவிட்டு, அறையை இருட்டாக்கினோம். விளிம்பைச் சுற்றி எங்கே ஒளி கசிகிறது என்று பார்த்தோம். மூன்று பக்கம் கசிவில்லை. கீழ் வலது மூலையில் மட்டும் நூலளவு வெளிச்சம், அது எப்போதோ மூலை தரையில் பட விழுந்த பெட்டி. தாழ்ப்பாள் அங்கே சற்று அழுத்திய பிறகுதான் விழுந்தது. பொருள் நிறைத்து, இன்னொரு முறை அதே மூலையில் விழுந்தால் அந்தத் தாழ்ப்பாள் திறந்துகொள்ளக்கூடும்.

பெட்டி அசல், 2018 வரை டோபாஸ் என்றும் அதன்பின் ஒரிஜினல் என்றும் விற்கப்படும் வரிசையைச் சேர்ந்தது என்று சொன்னேன். சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம், அந்த மூலையில் சட்டத்தை நேராக்கிய பிறகு டொரொன்டோவுக்கு எடுத்துப் போங்கள் என்றேன். டிங்கர் வேலைக்காரரிடம் கொடுத்தால் சுத்தியலை ஓட்டின்மேல் வைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரக்கட்டையை உள்பக்கம் அணைத்து, சட்டத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ள வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் மூடி, தாழ்ப்பாளை ஒரு விரலால் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விரலுக்கே அது விழுந்துவிட்டால் அதற்குமேல் தள்ளக்கூடாது.