பிக்கோங்: இரக்கமில்லாத பல்லவியும் சிரிக்கும் கூட்டமும்

டிரினிடாட் தீவின் கலிப்சோ மரபில் இரு பாடகர்கள் மேடையில் நின்று ஒருவரையொருவர் உடனடிப் பாட்டால் கேலி செய்யும் போட்டி உண்டு. இதை எக்ஸ்டெம்போ என்கின்றனர். இதில் வீசப்படும் குத்தலுக்குப் பிக்கோங் என்று பெயர். கார்னிவல் காலத்தில் இதற்கெனத் தனிப் போட்டியே நடைபெறுகிறது.

வடிவம் எளிது. பாடகர்கள் எல்லாரும் அறிந்த பழைய மெட்டு ஒன்றையே இருவரும் பயன்படுத்துகின்றனர். மெட்டு பொது என்பதால் சொல் மட்டுமே போட்டியிடுகிறது. பழைய முறைப் பாட்டு எட்டு அடிகள் கொண்டது. அடிகளின் இறுதி ஓசை ஒன்ற வேண்டும். நம் யாப்பில் இதை இயைபு என்போம். ஒவ்வொரு பாட்டும் 'சான்ஸ் உமானித்தே' என்ற பிரெஞ்சுத் தொடரில் முடிகிறது. 'இரக்கமின்றி' என்பது அதன் பொருள். ஆனால் உண்மையில் இரக்கமே இல்லாமல் பாடுபவர் பெரும்பாலும் தோற்கிறார் என்பதுதான் இக்கலையின் வேடிக்கை.

காரணத்தை ஒரு கற்பனை உதாரணத்தில் காணலாம். முதல் பாடகர் எதிராளியின் நைந்த தொப்பியைக் கேலி செய்கிறார். கூட்டம் சிரிக்கிறது. எதிராளி பதிலுக்கு அவருடைய ஏழ்மையையோ உடற்குறையையோ பழித்தால், அது தொப்பிக்குப் பதிலாகாது. எந்த மேடையிலும் யாரிடமும் பாடக்கூடிய வசை அது. மாறாக, 'தொப்பி பழையதுதான், ஆனால் அதனுள்ளே தலை இருக்கிறது. உன் புதுத் தொப்பியோ காலி இடத்துக்குக் கூரை' என்று திருப்பினால், எதிராளி தந்த பொருளே ஆயுதமாகிவிடுகிறது. அந்த நொடியில் பிறந்த பாட்டு என்பதற்கு அதுவே சான்று. வீட்டிலேயே எழுதி வந்த வரிகளைக் கூட்டம் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்: இயைபு பிசகாது, ஆனால் முந்தைய பாட்டில் வந்த ஒரு சொல்லும் அதில் இராது.

தேர்ந்த பாடகர் எதிராளி பாடும்போதே தன் கடைசி அடியை முடிவு செய்துகொள்வார். பிறகு அதை நோக்கி மற்ற அடிகளை அமைப்பார். கடைசிச் சொல் முதலில் கிடைத்துவிட்டால் இயைபு தானே வழிகாட்டும். முதலடியிலேயே நல்ல குத்தலைச் செலவழித்தவர் எட்டாம் அடியில் தடுமாறுவதைக் காணலாம்.

எழுதிப் பாடிய கலிப்சோக்களிலும் பிக்கோங் உண்டு. 1950களில் மைட்டி ஸ்பாரோவும் லார்ட் மெலடியும் இப்படி மோதிக்கொண்டவர்கள். மெலடியின் 'பெல்மான்ட் ஜாக்கஸ்' ஸ்பாரோவையே கழுதையாக்கியது. ஸ்பாரோவின் 'மேடம் டிராகுலா' மெலடியின் மனைவியைத் தாக்கியது. இரண்டுக்கும் மக்கள் சிரித்தார்கள். ஆயினும் முதல் பாட்டே நேர்மையான பிக்கோங் என்று எனக்குத் தோன்றுகிறது. கழுதை என்று சொல்லப்பட்டவர் கையில் மைக் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மேடையே இல்லை.