ஆணாக்கப்பட்ட கர்ப்பிணி

கர்ப்பிணிகளுக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றை இயந்திரம் ஸ்பானிஷில் பெயர்த்திருந்தது. அதைத் திருத்துவது என் வேலை. "களைப்பாக இருக்கிறீர்களா?" என்ற கேள்வி "எஸ்தாஸ் கன்சாதோ?" என்று வந்திருந்தது. இரண்டே சொல், இரண்டிலும் பிழை. "எஸ்தாஸ்" அவளை 'நீ' என்கிறது. "கன்சாதோ" ஓர் ஆணை விசாரிக்கிறது. "எஸ்தா கன்சாதா?" என்று மாற்றினேன்.

அடுத்த வரியிலோ "த்ராய்கா", அதாவது 'கொண்டு வாருங்கள்'. திடீரென மரியாதை! ஆங்கிலத்தின் 'யூ' மரியாதையையும் பாலையும் சொல்வதில்லை. ஸ்பானிஷில் எழுவாய் பெரும்பாலும் மறைந்திருக்கும். மரியாதை வினைமுற்றின் ஈற்றில்தான் தெரியும். வாக்கியங்களைத் தனித்தனியே பெயர்க்கும் இயந்திரம் முந்தைய வரியில் எப்படி அழைத்தது என்று பார்ப்பதில்லை. அதனால் முதல் வாசிப்பில் வினைமுற்றுகளை மட்டும் பார்க்கிறேன், இரண்டாவதில் பெயரடைகளை.

'ஓ' ஈறுகளையெல்லாம் ஒரேயடியாக 'ஆ' ஆக்கவும் முடியாது. கர்ப்பத்தைக் குறிக்கும் "எம்பராசோ" ஆண்பால் சொல். முற்றிய கர்ப்பம் "எம்பராசோ அவன்சாதோ"தான். பெயரடை பெண்ணோடு இயைகிறதா, பெயர்ச்சொல்லோடு இயைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சில இடங்களில் பாலையே தவிர்க்கலாம்: "சியென்தே கன்சான்சியோ?", களைப்பை உணர்கிறீர்களா?

'டாக்டர்' வந்த இடமெல்லாம் இயந்திரம் "எல் டொக்தோர்" என்று ஆணாக்கியிருந்தது. மூலத்தில் பால் இல்லை. அங்கே நானும் ஊகிக்கவில்லை. மருத்துவர் யாரென்று கேட்டு எழுதினேன். பெண்தான்: "லா டொக்தோரா".